ஒரு மணி நேரமும் ஒரு நூற்பட்டியலும்

கல்லூரியில் அடியெடுத்து வைத்து மூன்று மாதங்கூட நிரம்பாத மாணாக்கருக்கு, அவர்கள் எழுதும் கட்டுரைகளின் இறுதியில் வரும் மேற்கோள் நூற்பட்டியலைச் செப்பனிடும் விதத்தைக் கற்பிக்க வேண்டும், அதற்கு ஒரு மணி நேரமே அவகாசம் என்று துறைத் தலைவர் பணித்தபோது, நான் முதலில் வகுத்த திட்டத்தில் காற்புள்ளி, முக்காற்புள்ளி, சாய்வெழுத்து ஆகிய விஷயங்களுக்கே நாற்பது நிமிஷங்களை ஒதுக்கியிருந்தேன். மாதிரிக்காக ஒரு மாணவியின் பட்டியலை வாங்கிப் பார்த்த பிறகு அந்தத் திட்டத்தைக் கிழித்துப் போட்டேன்.

அந்தப் பட்டியலில் 23 பதிவுகள் இருந்தன. புள்ளிகளில் ஒரு குறையும் இல்லை. ஆனால் ‘என் சரித்திரம்’ என்ற ஒரே நூல், ‘உ.வே.சா.’ என்று உகரத்திலும், ‘ஐயர், உ.வே. சாமிநாத’ என்று ஐகாரத்திலும், ‘சாமிநாதையர், உ.வே.’ என்று சகரத்திலுமாக மூன்று அவதாரங்கள் எடுத்திருந்தது. ஆகையால் புதிய திட்டத்தில் புள்ளிகளுக்கு ஐந்தே நிமிஷம், அதுவும் மிச்சமிருந்தால்.

முதல் பதினைந்து நிமிஷமும் பட்டியலைத் தொடவே கூடாது என்பது என் நிபந்தனை. அச்சிட்ட கட்டுரையை மேஜைமேல் வைத்துக்கொண்டு, நடுவில் ‘(சாமிநாதையர், 1950)’ என்பதுபோல் வரும் குறிப்பு ஒவ்வொன்றையும் நீல மையால் சுழித்து, அதற்குரிய பதிவைப் பட்டியலில் தேடி அங்கும் ஒரு சுழி போட வேண்டும். முடிவில், பட்டியலில் சுழி விழாத பதிவு கட்டுரையில் எடுத்தாளப்படாதது. கட்டுரையில் சுழித்தும் இணை கிடைக்காத குறிப்பு பட்டியலில் விடுபட்டது. படித்த நூலையெல்லாம் காட்டிக்கொள்ளும் ஆசை இளைஞர்களுக்கு இயல்புதான். ஆனால் மேற்கோள் பட்டியலில் எடுத்தாண்ட நூலுக்கு மட்டுமே இடம்.

அடுத்த இருபத்தைந்து நிமிஷங்கள் பெயருக்கு. மேனாட்டு முறையில் குடும்பப் பெயரை முன்னே நிறுத்தி அகரவரிசை செய்வார்கள். நம்மவரில் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயரே கிடையாது. முன்னெழுத்துகள் ஊரையும் தந்தையையும் குறிப்பவை. உத்தமதானபுரம் வேங்கடசுப்பையர் மகனுக்கு வழங்கிய பெயர் ‘சாமிநாதையர்’ என்பதே. எனவே அதை முன்னே வைத்து, முன்னெழுத்துகளைப் பின்னே தள்ளுவதே கிரமம். கடைசிச் சொல்லைக் குடும்பப் பெயரென்று எண்ணிக்கொள்ளும் செயலிதான் ‘ஐயர்’ என்ற தலைப்பைச் சிருஷ்டித்தது. பிறர் செய்த பதிவை நகலெடுத்து ஒட்டும் பழக்கத்தினால் மற்ற இரண்டும் வந்தன. மூன்றையும் ஒன்றாக்கிய பின், கட்டுரையின் நடுவிலுள்ள குறிப்புகளிலும் அதே வடிவத்தை எழுதத் தவறினால், சற்றுமுன் போட்ட சுழிகளெல்லாம் வீணாகிவிடும்.

ஆண்டு விஷயத்தில் அந்த மாணவி ஒரு நல்ல கேள்வி கேட்டாள்: “ஐயா, ‘என் சரித்திரம்’ ஆனந்த விகடனில் 1940-லேயே தொடராக வர ஆரம்பித்தது, புத்தகமானது 1950-இல், நான் படித்தது அதற்குப் பல வருஷம் கழித்து வந்த பதிப்பு. எந்த ஆண்டைப் போடுவது?” கையில் வைத்துப் படித்த பதிப்பின் ஆண்டைத்தான் போட வேண்டும். பதிப்புக்குப் பதிப்பு பக்க எண் மாறுமாதலால், 1950 என்று எழுதிவிட்டுப் பிற்பதிப்பின் பக்கத்தைக் காட்டினால், தேடிச் செல்பவர் அந்தப் பக்கத்தில் வேறெதையோ காண்பார். முதற்பதிப்பின் ஆண்டையும் சொல்ல விரும்பினால் இரண்டையும் சாய்கோட்டால் பிரித்து எழுதலாம். தலைப்புப் பக்கத்தின் பின்புறத்தைத் திருப்பிப் பார்த்தால் பெரும்பாலும் விடை அங்கேயே இருக்கும்.

எஞ்சிய நேரம் அகரவரிசைக்கு. இங்கேதான் கணினியை நம்பி மோசம்போகிறோம். எழுத்துகளின் குறியெண்ணை மட்டும் பார்த்து அடுக்கும் செயலிக்கு னகரம் பகரத்துக்கு முன்னே நிற்கிறது. நம் நெடுங்கணக்கிலோ அது மெய்களின் கடைசி. அத்தகைய செயலியில் கனகசபையார் கல்கிக்கு முந்திவிடுகிறார். ஜெயகாந்தன் சகரத்துக்கு அடுத்தபடியாக நுழைகிறார், வடவெழுத்துகளை இறுதியில் வைக்கும் நம் வழக்கப்படி அவருக்குரிய இடம் வையாபுரிப் பிள்ளைக்கும் பின்னே. ‘கல்கி’, ‘கனகசபை’ என்ற இரு பெயர்களை மட்டும் தட்டெழுதி வரிசைப்படுத்தச் செய்யுங்கள். கனகசபை முன்னே வந்தால், அந்தச் செயலியை விட்டுவிட்டுக் கையால் அடுக்குவதே உத்தமம். இருபது பதிவுகளுக்கு எட்டு நிமிஷத்துக்குமேல் பிடிக்காது.

மணி அடித்தபோது அந்த மாணவியின் பட்டியலில் மூன்று பதிவுகள் ஒன்றாகி, எடுத்தாளாத மூன்று நீங்கி, விடுபட்டிருந்த ஒன்று சேர்ந்து, 19 பதிவுகள் நின்றன. புள்ளிகளைப் பார்க்க நேரம் இருக்கவில்லை.