வளராத பாக்டீரியாவைப் பென்சிலின் ஏன் விட்டுவிடுகிறது?

‘வளரும் பாக்டீரியாவைப் பென்சிலின் கொல்லும் விதத்தைப் படங்களுடன் விவரி.’ நுண்ணுயிரியல் தேர்வுகளில் அடிக்கடி தலைகாட்டும் நெடுவினா இது. செல் சுவர் உருவாவதைப் பென்சிலின் தடுக்கிறது, செல் வெடிக்கிறது என்று எழுதினால் பாதி மதிப்பெண் வந்துவிடும். வளரும் பாக்டீரியா என்ற நிபந்தனை எங்கிருந்து வந்தது என்பதுதான் மீதிப் பாதி. அதைத் தேடித்தான் பழைய ஆய்வுகளுக்குள் போனேன்.

நிபந்தனையைத் தெளிவாகச் சொன்னவர்கள் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் இருந்த கிளாடிஸ் ஹாபியும் அவருடைய சக ஆய்வாளர்களும். ஆண்டு 1942. பாக்டீரியா பெருகிக்கொண்டிருந்தால் பென்சிலின் கொன்றது. பெருக்கம் நின்றிருந்தால் அதே மருந்தால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியவில்லை.

இதைப் படித்ததும், 1928இல் லண்டன் செயின்ட் மேரீஸ் மருத்துவமனையில் அலெக்சாண்டர் ஃபிளெமிங் கண்ட புகழ்பெற்ற தட்டே புதிராகிவிடுகிறது. வளர்ந்து முடிந்த ஸ்டஃபைலோகாக்கஸ் கூட்டங்களின் மேல் பூஞ்சை விழுந்து அவற்றைக் கரைத்தது என்றல்லவா கதை சொல்கிறோம்? அங்கேயே பணியாற்றிய ரொனால்ட் ஹேர் பிற்காலத்தில் அதைச் செய்து பார்த்தார். முற்றிய கூட்டங்களுக்கு அருகே பூஞ்சையை வைத்தால் அவை கரையவில்லை. ஃபிளெமிங் விடுமுறையில் போயிருந்தபோது லண்டனில் சில நாட்கள் குளிர் அடித்திருக்கிறது. அந்தக் குளிரில் பூஞ்சை முந்திக்கொண்டு வளர்ந்து பென்சிலினைச் சுரந்திருக்கும், வெயில் ஏறிய பிறகு பெருகத் தொடங்கிய பாக்டீரியா அதில் சிக்கியிருக்கும் என்பது ஹேரின் விளக்கம். ஊகம்தான். ஆனாலும், பாடநூல் கதையைவிட இதுவே எனக்கு ஒட்டுகிறது.

இனி விடைக்கான படங்கள். முதல் படத்தில் இயல்பாக வளரும் செல்லின் சுவரை வரைய வேண்டும். நீளச் சர்க்கரைச் சங்கிலிகள். அவற்றிலிருந்து தொங்கும் குட்டையான பெப்டைடுகள். புதிய பெப்டைடின் நுனியில் டி-அலனின் என்ற அமினோ அமிலம் இரண்டு அடுத்தடுத்து இருக்கும். டிரான்ஸ்பெப்டிடேஸ் என்ற நொதி கடைசி டி-அலனினைக் கழற்றிவிட்டு, பக்கத்துச் சங்கிலியோடு பெப்டைடைக் கோக்கிறது. இதே படத்தில் பலரும் மறக்கும் ஒன்று உண்டு. செல் பெரிதாக வேண்டுமானால் பழைய சுவரை ஆங்காங்கே வெட்டி, புதிய சங்கிலிக்கு இடம் விட வேண்டும். ஆட்டோலைசின் என்னும் நொதிகள் அதைச் செய்கின்றன. வெட்டுக்கு ஓர் அம்புக்குறி, கோப்புக்கு ஓர் அம்புக்குறி: இரண்டும் கட்டாயம்.

இரண்டாவது படத்தில் பென்சிலின் நுழைகிறது. அதன் பீட்டா-லாக்டம் வளையம் இருக்கும் பகுதி, அந்த இரட்டை டி-அலனின் நுனியைப் போலவே வடிவம் கொண்டது என்று 1965இல் டிப்பரும் ஸ்ட்ரோமிங்கரும் சுட்டிக்காட்டினார்கள். நொதி ஏமாந்து வளையத்தைப் பிடிக்கிறது. வளையம் திறந்து நொதியின் செரினோடு பிணைந்துகொள்கிறது, எளிதில் விடுபடுவதில்லை. கோக்கும் வேலை நின்றுபோகிறது.

மூன்றாவது படத்தில் கோப்பு அம்புக்குறியை அடித்துவிடுங்கள். வெட்டு அம்புக்குறி அப்படியே இருக்கட்டும். சுவர் வலுவிழக்கிறது. டயர் கிழிந்த இடத்தில் ட்யூப் பிதுங்குவதுபோல, உள்ளழுத்தத்தால் சவ்வு வெளியே புடைக்கிறது. நான்காவது படத்தில் தண்ணீர் உள்ளே பாய, செல் வெடிக்கிறது.

வெடிக்கவைப்பது தண்ணீரின் அழுத்தம்தானா என்று கேட்டால் காட்டுவதற்கு ஓர் அழகான சோதனை இருக்கிறது. 1956இல் ஜோஷ்வா லெடர்பெர்க், ஈ. கோலையை அடர்த்தியான சர்க்கரைக் கரைசலில், கொஞ்சம் மெக்னீசியத்தோடு வளர்த்துப் பென்சிலின் கொடுத்தார். வெளியே சர்க்கரை இருந்ததால் தண்ணீர் உள்ளே பாயவில்லை. குச்சி வடிவச் செல்கள் உருண்டைகளாக மாறின, உயிரோடும் இருந்தன. சாதாரண நீர்மத்துக்கு மாற்றியதும் வெடித்தன. சர்க்கரையில் வைத்தபடியே பென்சிலினை நீக்கியபோது, மறுபடி குச்சிகளாகிப் பெருகின.

வளராத செல்லுக்கு ஒரு சிறிய படத்தை ஓரமாக வரைந்தால் வினாவின் நிபந்தனை விளங்கிவிடும். அங்கே புதிய சங்கிலி சேர்வதில்லை, வெட்டும் அடங்கியிருக்கிறது. கோக்கும் நொதியைப் பென்சிலின் முடக்கினாலும் ஏற்கனவே கோத்த சுவர் அப்படியே நிற்கிறது.

கோப்பு நிற்பது மட்டும் போதாது, வெட்டும் நடக்க வேண்டும் என்பதற்கு 1970இல் அலெக்சாண்டர் தோமஸ் குழு சான்று காட்டியது. ஆட்டோலைசின் குறைபாடுள்ள நிமோகாக்கஸ், பென்சிலின் பட்டதும் வளர்ச்சியை நிறுத்தியது. ஆனால் கரைந்து சிதறவில்லை. தேர்வில் இந்த ஓர் எடுத்துக்காட்டை எழுதுகிறவர், பென்சிலின் தானே சுவரில் ஓட்டை போடுகிறது என்று எழுதமாட்டார்.