‘உங்களாலும்’ என்பதில் உள்ள ‘உம்’

விளம்பர வாசகம் எழுதிச் சம்பளம் வாங்கி, ஓய்வு பெற்று பதினோரு வருடம் ஆகிறது. இப்போது எழுதுவதெல்லாம் கல்யாணப் பத்திரிகை, குடியிருப்போர் சங்க அறிவிப்பு, அப்புறம் இந்தப் பக்கம். போன மாதம் எங்கள் தெருவில் யோகா மையம் நடத்துகிற மாஸ்டர் ஒரு நோட்டீசைத் தூக்கிக்கொண்டு வந்தார். “சார், அச்சுக்குப் போகுது. ஒரு தடவை பார்த்துடுங்க” என்றார்.

மேலே கொட்டை எழுத்தில் இப்படி இருந்தது: “வயது ஒரு தடையே அல்ல! மூத்த குடிமக்களே, உங்களாலும் முடியும்!” பக்கத்தில் ஓர் இளம்பெண் சிரசாசனத்தில் நிற்கிற படம். கீழே, “கவலை வேண்டாம், மிக மிக எளிய பயிற்சிகள். சர்க்கரை, மூட்டுவலி, ரத்த அழுத்தம் குணமாகும்.”

மாஸ்டர் நல்ல மனிதர், கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. ஆனால் எனக்கு வயது எழுபத்தொன்று. படித்ததும் யாரோ கன்னத்தைத் தட்டிக் கொடுத்த மாதிரி இருந்தது. ஏன் என்று அவருக்கு விளக்க வேண்டியிருந்தது.

‘உங்களால் முடியும்’ என்பது ஒரு செய்தி. ‘உங்களாலும் முடியும்’ என்றால், முடியாது என்றுதான் ஊரே நினைத்திருந்தது என்று அர்த்தம். அந்த ஒரு ‘உம்’ செய்கிற வேலை அது. ‘கவலை வேண்டாம்’ என்பதும் அப்படித்தான். கவலைப்படாமல் படித்துக்கொண்டிருந்தவன்கூட, கவலைப்பட ஏதோ இருக்கிறது போல என்று நிமிர்ந்து உட்காருவான். ‘மிக எளிய’ என்று போடுவதில் வேறொரு சங்கடம். எது எளிது என்பதை மாஸ்டரின் இடுப்பு முடிவு செய்கிறது. அவருக்கு எளிதான சுகாசனம், அதாவது வெறும் சம்மணம், எனக்கு இரண்டு நிமிடத்தில் முட்டியைப் பிடித்துவிடும். எளிது என்று போட்டிருந்ததே, அதுவே நமக்கு வரவில்லையே என்று ஆள் மறுநாள் வரமாட்டார்.

“அப்ப என்னதான் சார் எழுதறது?” என்றார் மாஸ்டர்.

தைரியம் சொல்வதை விட்டுவிட்டுத் தகவல் சொல்லலாம் என்றேன். ஐம்பது வயதுக்கு மேல் ஒருவர் யோகா நோட்டீசைப் படிக்கும்போது மனதில் ஓடுவது, நம்மால் முடியுமா என்ற பெரிய கேள்வி இல்லை, சின்னச் சின்னக் கேள்விகள். மாடி ஏற வேண்டுமா? தரையில் உட்கார வேண்டுமா? வேட்டியோடு வரலாமா? கழிப்பறை எப்படிப்பட்டது? இதையெல்லாம் போனில் கேட்க நம் ஆட்களுக்குக் கூச்சம். கேட்காமல் நோட்டீசை மடித்து வைத்துவிடுவார்கள்.

பக்கத்து வீட்டில் ஓய்வு பெற்ற தலைமையாசிரியை ஒருவர் இருக்கிறார், வயது எழுபத்துநான்கு. அவரிடம் நோட்டீசைக் காட்டினோம். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுக்கப் படித்துவிட்டு, ஒன்றே ஒன்று கேட்டார். “உட்கார்றது சரி தம்பி, எந்திரிக்கிறது எப்படி?”

அவ்வளவுதான் விஷயம். மாஸ்டருக்கு அதற்குப் பதில் தெரியும். தினமும் வகுப்பில் சொல்லிக் கொடுக்கிறாராம். ஒரு பக்கமாகத் திரும்பி, இரண்டு கைகளையும் ஊன்றி, முட்டி போட்டு, சுவரோரம் இருக்கும் நாற்காலியின் இருக்கையில் கை வைத்து, பலமான காலை முன்னால் ஊன்றி எழுவது. முட்டி போட முடியாதவர்களைத் தரைக்கே இறக்குவதில்லை, நாற்காலிதான். இவ்வளவு நல்ல விஷயத்தை விட்டுவிட்டு, சிரசாசனத்தைப் போட்டு வைத்திருந்தார்!

அங்கிருந்துதான் நோட்டீசுக்கு ஒரு வடிவம் வந்தது. அவர் வைத்திருந்த ‘முதியோர் வகுப்பு’ என்ற பெயரை எடுத்தோம். உடம்பு வளையாததற்கும் வயதுக்கும் அவ்வளவு நெருக்கம் கிடையாது. என் மருமகனுக்கு முப்பத்தாறு வயது, பத்து மணி நேரம் கம்ப்யூட்டர் முன்னால் இருக்கிறவன், குனிந்தால் கை முட்டியைத் தாண்டாது. கோயிலில் எண்பது வயதுக்காரர் சம்மணம் போட்டு ஒரு மணி நேரம் பாராயணம் செய்கிறார். அதனால் ஆளை விட்டுவிட்டு, செய்கிற வேலையை வைத்தே பிரித்தோம். தரையில் உட்கார்ந்து, எதையாவது பிடித்தாவது எழ முடிந்தவர்களுக்குத் தரை வகுப்பு. மற்றவர்களுக்கு நாற்காலி வகுப்பு. படிக்கிறவர் தன்னைத் தானே எடை போட்டுக்கொள்ளலாம். ‘நீ கிழவன்’ என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை.

நாற்காலி யோகாவா, அது அரைகுறை இல்லையா என்று சிலர் முகம் சுளிப்பார்கள். பி.கே.எஸ். அய்யங்கார் தன் மாணவர்களுக்கு மடக்கு நாற்காலி, கட்டை, பெல்ட், சுவரில் கயிறு எல்லாம் பயன்படுத்தியவர். அவருடைய குரு கிருஷ்ணமாச்சாரி, ஆளுக்குத் தகுந்தபடி பயிற்சியை மாற்றிக் கொடுத்தவர், சென்னையில் வாழ்ந்து நூறு வயதில் 1989இல் மறைந்தார். இதையும் நோட்டீசில் போடலாமா என்று மாஸ்டர் கேட்டார். வேண்டாம் என்றேன். நாற்காலிக்குச் சிபாரிசுக் கடிதம் எதற்கு? கை வைக்காத இரும்பு நாற்காலி, கால்கள் வழுக்காமல் இருக்க மேட் மேல் போடப்பட்டிருக்கும் என்று எழுதினால் போதும்.

நோய் குணமாகும் வரியை அடித்தேன். மருந்து விளம்பரத்தில் சர்க்கரை நோயைக் குணமாக்குவோம் என்று சொல்வதை 1954ஆம் வருடத்துச் சட்டமே தடுக்கிறது. யோகா மருந்து இல்லைதான். ஆனாலும் விளம்பரம் எழுதுகிறவனுக்கு அது நல்ல கோடு. அந்த இடத்தில் வேறு ஒன்றைப் போட்டோம். கண்ணில் கிளௌகோமா, கட்டுப்படாத ரத்த அழுத்தம், எலும்புத் தேய்மானம், முட்டி மாற்று அறுவை சிகிச்சை இருந்தால் முதல் நாளே சொல்லுங்கள். தலை கீழே தாழும் ஆசனங்களையும், ஆழமாக முன்னால் குனிவதையும், முட்டி போடுவதையும் அதற்கேற்ப விட்டுவிடுவோம். சந்தேகம் இருந்தால் டாக்டரைக் கேட்டுவிட்டு வாருங்கள். குணமாகும் என்று சொல்வதைவிட இதில் நம்பிக்கை அதிகம் வருகிறது. இவருக்கு விஷயம் தெரியும் என்று தோன்றுகிறது.

கடைசியில் நின்ற வாசகம் இது:

“குனிந்தால் கை எதுவரை போகிறதோ, அங்கிருந்து தொடங்கலாம். நாற்காலி வகுப்பு, தரை வகுப்பு என இரண்டு உண்டு. மையம் முதல் மாடியில். பதினெட்டுப் படி, ஒரு பக்கம் கைப்பிடி, லிப்ட் இல்லை. தரையிலிருந்து எழுவதையும் பயிற்சியாகவே சொல்லித் தருகிறோம். தளர்வான எந்த உடையும் சரி. வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு வர வேண்டாம். ஒரு நாள் வந்து ஓரமாக உட்கார்ந்து பார்த்துவிட்டும் முடிவு செய்யலாம்.”

லிப்ட் இல்லை என்பதை எழுத மாஸ்டருக்கு மனசே இல்லை. எழுதாவிட்டால் படிக்கட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போவார்கள், அந்தக் கோபம் உங்கள் மேல்தான் வரும் என்றதும் ஒப்புக்கொண்டார்.

படம்தான் பாக்கி. நரைத்த தலைத் தம்பதி வாய் கொள்ளாமல் சிரிக்கிற படம் ஒன்றை அச்சகத்துப் பையன் காட்டினான். அதுவும் வேண்டாம், காலியான கூடத்தையே எடுத்துப் போடு என்றேன். சுவர், நாற்காலிகள், கைப்பிடி, ஜன்னல் வெளிச்சம். பச்சைப் பின்னணியில் மஞ்சள் எழுத்து போடத் துடித்தான், பத்துப் பாயிண்டில். வெள்ளைத் தாளில் கறுப்பு எழுத்து, பதினாலு பாயிண்ட் என்று சொல்லி, தலைமையாசிரியை அம்மா கண்ணாடி இல்லாமல் படிக்கிறாரா என்று பார்த்துவிட்டு, ஐந்நூறு காப்பிக்குச் சொன்னோம்.