அரக்கு என்றால் எந்த அரக்கு?

நம் சட்டைப் பையில் சதா ஒரு சிறு நோட்டுப் புஸ்தகம் இருப்பதைக் கண்டு, நாம் இரகசியமாகக் கவிதை எழுதி வருகிறோம் என்று சில நண்பர்கள் சந்தேகிக்கிறார்கள். வாசகர்கள் அஞ்ச வேண்டியதில்லை. அதைப் பிரித்தால் ஒரு பக்கத்தில் துணித் துண்டும், அடுத்த பக்கத்தில் பெயிண்ட் பூசிய அட்டைத் துண்டுமாகத்தான் இருக்கும். இந்தப் பழக்கம் நமக்கு எப்படி வந்தது என்பதைச் சொல்லிவிடுகிறோம்.

2023-ஆம் ஆண்டு தை மாதத்தில் நம் தமக்கையின் மகளுக்கு நிச்சயதார்த்தம். கும்பகோணத்தில், காலை வேளையில், முற்றம் வைத்த வீட்டில் நடப்பதாக ஏற்பாடு. அந்தப் பெண், "மாமா, நான் பாட்டியின் அரக்குப் புடவையைத்தான் உடுத்திக் கொள்ளப் போகிறேன்" என்று சொல்லிவிட்டாள். 1962-இல் நம் தாயார் வாங்கிய பட்டு அது. புடவை கெட்டியாகத்தான் இருந்தது. அதனோடு சேர்ந்த ரவிக்கையோ கையிடுக்கில் இற்றுப் போயிருந்தது. அதே வர்ணத்தில் ஒரு ரவிக்கைத் துணி வேண்டும். சென்னையில் இருக்கும் நம்மிடம் அந்தப் பொறுப்பு வந்தது.

ஐம்பது வருஷம் பார்த்த புடவையாயிற்றே என்று வெறுங்கையோடு தியாகராய நகருக்குப் போனோம். "அரக்கு" என்றதும் கடைக்காரர் பதினொரு துணிகளை எடுத்துப் போட்டார். எல்லாம் அரக்குதான்! நம் ஞாபகத்துக்கு ஒத்த ஒன்றை வெட்டி வாங்கி வந்தோம். புடவையின் பக்கத்தில் வைத்தபோது அது புதுச் செங்கல்லைப்போல் ஜொலித்தது. ஞாபகத்தில் தங்கும் வர்ணம் உள்ளதைவிடப் பளிச்சென்றுதான் இருக்கும். நாம் தேடிப் போனது புடவையின் வர்ணத்தையல்ல, புடவையைப் பற்றிய நினைவின் வர்ணத்தை. வெட்டின துணியைத் திரும்ப எடுத்துக் கொள்ளும் வழக்கமும் அந்தக் கடையில் இல்லை.

டெலிபோனில் படம் பிடித்துக் கொண்டு போகலாமே என்று கேட்பீர்கள். அதையும் செய்தோம். ஒரே புடவை, ஜன்னலோரத்தில் எடுத்த படத்தில் ஒரு நிறமாகவும் விளக்கடியில் எடுத்த படத்தில் வேறு நிறமாகவும் இருந்தது. வெளிச்சத்துக்குத் தக்கபடி காமிரா தானே வர்ணத்தைத் திருத்திக் கொள்கிறது. அதைச் சாட்சிக்கு அழைப்பதில் பயனில்லை.

இரண்டாம் முறை புத்தியோடு போனோம். பழைய ரவிக்கையின் உள் தையலில் மடித்து விட்டிருந்த துணியிலிருந்து இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு துண்டு வெட்டி எடுத்துக் கொண்டோம். கடை விளக்கின் கீழே துண்டும் புதுத் துணியும் ஒன்றோடொன்று கலந்து விட்டன. எது எது என்று கடைக்காரருக்கே தெரியவில்லை. வெற்றியோடு வீடு திரும்பினோம். மறுநாள் காலை வெயில் வெளிச்சத்தில் பார்த்தால், துண்டு அரக்காக இருக்கிறது. புதுத் துணி கத்தரிக்காய்ப் பக்கம் சாய்ந்து நிற்கிறது!

இது கடைக்காரரின் மோசடி அன்று. இரண்டு துணிகளுக்கும் வெவ்வேறு சாயங்கள். ஒவ்வொரு சாயமும் வெளிச்சத்திலுள்ள சில கதிர்களை விழுங்கி, மற்றவற்றைத் திருப்பி அனுப்புகிறது. அப்படித் திரும்பும் கதிர்களின் கூட்டையே நாம் வர்ணமாகக் காண்கிறோம். சூரிய வெளிச்சத்தில் எல்லாக் கதிர்களும் உண்டு. கடைகளில் எரியும் வெள்ளை விளக்குகள் பலவற்றில் சிவப்புக் கதிர் குறைவு. சிவப்பில்தான் இரண்டு துணிகளுக்கும் வித்தியாசம் இருந்தது. விளக்கு அதை மறைத்தது. சூரியன் காட்டிக் கொடுத்தான். ஆகவே, ஒரே வெளிச்சத்தில் ஒத்துப்போவது ஒத்துப்போவதே ஆகாது. இரண்டு வெளிச்சங்களில் ஒத்துப்போனால்தான் நம்பலாம்.

நிச்சயதார்த்தத்துக்கு எட்டு நாள் இருந்தது. தையற்காரர் ஐந்து நாள் கேட்டார். அன்றுதான் நோட்டுப் புஸ்தகம் பிறந்தது. கோடு போடாத தடித்த வெள்ளைக் காகிதம். துண்டைப் பசை போட்டு ஒட்டவில்லை. பசை ஊறினால் துணி கறுத்துப் போகும். ஒரு ஓரத்தை மட்டும் ஊசிநூலால் தைத்தோம். மற்ற ஓரங்கள் தளர்ந்திருந்தால்தான் புதுத் துணியின்மேல் படிய வைத்துப் பார்க்க முடியும். பக்கத்தில் ஒரு அம்புக்குறி இட்டு, பாவு நூல் ஓடும் திசையைக் குறித்தோம். பட்டைத் திருப்பிப் பிடித்தால் பளபளப்பு மாறி, நிறமும் மாறினதுபோல் தோன்றும். இரண்டையும் ஒரே திசையில் வைத்தே ஒப்பிட வேண்டும். அடியில் தேதி, எதற்கு, எத்தனை மீட்டர் என்று எழுதினோம். கடைசியாக, தபால்தலை அளவுக்கு ஜன்னல் வெட்டின ஒரு வெள்ளை அட்டையைச் செருகி வைத்தோம்.

அந்த ஜன்னல் எதற்கென்றால், பக்கத்து வர்ணமும் கண்ணை ஏமாற்றும். பாரிஸ் நகரத்துக் கோப்லான் நெசவுச்சாலையில் சாயப் பகுதிக்குத் தலைவராக இருந்தவர் செவ்ரல் என்ற ரசாயன நிபுணர். அங்கே கறுப்பு நூல் மங்கலாக இருக்கிறதென்று புகார் வந்தது. அவர் சோதித்ததில் சாயத்தில் குற்றமில்லை. நீலத்துக்கும் ஊதாவுக்கும் அருகில் நெய்ததால்தான் கறுப்பு சோபிக்கவில்லை என்று தெரிந்தது. இதை விவரித்து 1839-இல் ஒரு பெரிய நூலே வெளியிட்டார். கடையில் பச்சைத் துணிகளின் நடுவே கிடக்கும் அரக்குக்கும் இதே கதிதான். ஜன்னல் அட்டையால் மூடினால், துண்டும் புதுத் துணியும் மட்டும் வெள்ளைக்கு நடுவே தனித்துத் தெரியும்.

மூன்றாம் முறை, மூன்று துணிகளை வாசற்படிக்கு எடுத்து வரச் சொன்னோம். நேர் வெயில் படாத நிழலில் வைத்துப் பார்த்தோம். பிறகு உள்ளே விளக்கடியில் பார்த்தோம். இரண்டு இடத்திலும் ஒன்று ஒத்து நின்றது. வாங்கப் போன சமயத்தில் நம் மனைவி தடுத்தாள். "இந்தத் துண்டு தையலுக்குள்ளே வெளிச்சம் படாமல் இருந்தது. புடவை அறுபது வருஷம் வெளிச்சம் கண்டது. புடவை இதைவிடக் கொஞ்சம் வெளுத்திருக்குமே!" என்றாள். உண்மைதான்! துண்டு சொன்னது 1962-ஆம் வருஷத்து அரக்கு. நமக்கு வேண்டியது இன்றைய அரக்கு. அதே சாயலில் ஒரு படி இளைத்த துணியை எடுத்தோம்.

பெயிண்டுக்கும் இதே விதிதான், ஒரு சேர்க்கையோடு. கடையில் தரும் அச்சிட்ட அட்டை வழி காட்டும், தீர்ப்புச் சொல்லாது. மிகச் சிறிய டப்பா ஒன்று வாங்கி, தடித்த அட்டையில் இரண்டு பூச்சுப் பூசி, ஒரு நாள் காய வைத்து, அதிலிருந்து ஒரு துண்டைப் புஸ்தகத்தில் சேர்க்கிறோம்; நிறத்தின் எண்ணையும் எழுதுகிறோம். ஈரத்தில் பார்த்து முடிவு செய்யக் கூடாது. சுவருக்குப் பூசும் எமல்ஷன் காய்ந்தபின் பெரும்பாலும் கருத்துவிடும். மீதி அட்டையைக் காலையிலும் விளக்கு வைத்த பின்னும் சுவரில் சார்த்திப் பார்க்கிறோம். பளபளக்கும் பூச்சும் பளபளப்பில்லாத பூச்சும் ஒரே எண்ணாக இருந்தாலும் ஒன்றுபோல் தோன்றா. பட்டும் பருத்தியும் அப்படியே. அங்கே புஸ்தகம் கைவிட்டுவிடும். மிக நெருங்கியதை ஏற்றுக்கொள்ள வேண்டியதுதான்.

நிச்சயதார்த்தத்தன்று முற்றத்து வெளிச்சத்தில் அந்தப் பெண் வந்து உட்கார்ந்தாள். நம் தமக்கை வெகுநேரம் அவளைப் பார்த்துக் கொண்டிருந்துவிட்டு, "அம்மாவின் ரவிக்கையை எப்படியடா பிழைக்க வைத்தாய்?" என்று கேட்டாள். நாம் பதில் பேசவில்லை. சட்டைப் பையிலிருந்து புஸ்தகத்தை எடுத்து முதல் பக்கத்தைக் காட்டினோம். தாயாரின் ரவிக்கையில் மிஞ்சியிருந்த இரண்டு விரல் துணி இன்றும் அங்கேதான் இருக்கிறது.