ஆவணி பிறக்கும் முன்

ஆகஸ்ட் 7, 2025, வியாழன்

ஜவுளிக்கடைக் கணக்கு வேலை ஜூலையோடு போய்விட்டது. இன்று சிவகாசியில் ஒரு பட்டாசுக்கடையில் சீசன் வேலைக்குப் பார்த்துவிட்டு வந்தேன். ஆவணி பிறந்த மறுநாள், 18-ஆம் தேதி திங்கள்கிழமை ஆரம்பம். தீபாவளி அக்டோபர் 20, அதுவரைக்கும்தான்.

போனில் ஆர்டர் எடுக்கும் வேலை. ஆன்லைன் பட்டாசு விற்பனைக்கு 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தடை போட்டதிலிருந்து, விலைப்பட்டியலைப் பார்த்து வேண்டியதைக் குறித்து அனுப்புகிறவர்களை நாம்தான் கூப்பிட்டுப் பேசி முடிக்க வேண்டுமாம். பணம் வந்தபின் பெட்டி கட்டி லாரியில் ஏற்றுவார்கள். பஸ்ஸிலும் ரயிலிலும் பட்டாசு போகாது என்பதால், வாங்குகிறவர் தன் ஊர் லாரி ஆபீசில் வாடகை கட்டி எடுத்துக்கொள்ள வேண்டும்.

மேனேஜர் அண்ணாச்சி ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "லிஸ்ட் அனுப்பிட்டுப் பேச்சுமூச்சு இல்லாம இருக்கிற ஆளுகிட்ட என்னம்மா பேசுவ?"

"வேணுமா வேண்டாமான்னு கேட்பேன் அண்ணாச்சி."

"அப்படிக் கேட்டா 'சொல்றேன்'னுதான் வரும். எந்த ஊர் லாரி ஆபீஸ், என்னைக்குள்ள வேணும்னு கேளு. வாங்குறவன் பட்டுனு ஊரைச் சொல்லிருவான். வாங்காதவன் இழுப்பான்."

கிளம்பும்போது "சொல்லி அனுப்புறோம்" என்றார்.

ஆகஸ்ட் 9, சனி

போன் வரவில்லை.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

திருத்தங்கல் சித்தி வந்திருந்தாள். பட்டாசுக்கடையில் நாலு சீசன் பார்த்தவள். அவள் சொன்னதில் பாதி தெம்பு, பாதி கிலி. போன வருஷம் வந்தவர்களைத்தான் முதலில் கூப்பிடுவார்களாம். அவர்களில் ஒருத்திக்குக் கல்யாணம் ஆகி ஊர் மாறியிருந்தால்தான் புது ஆளுக்கு இடம். அந்தப் பழைய ஆட்களும் உடனே பதில் சொல்வதில்லை. கூட ஐம்பது ரூபாய் தருகிற கடை எது என்று பார்ப்பார்கள். ஆக, கடைக்காரரே யாரோ ஒருத்தியின் பதிலுக்குக் காத்திருப்பார்.

"ஆதார், பாஸ்புக் ஜெராக்ஸ் கேட்டாகளா?"

"இல்ல சித்தி."

"வேன் எங்க நிக்கணும்னு கேட்டாகளா?"

அதுவும் இல்லை. சித்தி காப்பியைக் குடித்து முடித்துவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டாள். எனக்கு இன்றைக்கு மத்தியானம் சாப்பாடு இறங்கவில்லை.

ஆகஸ்ட் 13, புதன்

காலண்டர் அச்சகத்திலிருந்து ஆள் விட்டார்கள். ஆடிப்பெருக்கன்று மாதிரி ஆல்பம் போட்டுவிட்டதால் ஏஜெண்டுகளின் ஆர்டர் வர ஆரம்பித்துவிட்டது. நாள்காட்டிக்குத் தகரம் அடிக்கும் வேலை, எண்ணிக்கைக் கூலி, சனிக்கிழமை பட்டுவாடா. பட்டாசுக்கடைச் சம்பளத்தை விடக் குறைவு, ஆனால் மார்கழி வரை ஓடும். "சனிக்கிழமைக்குள்ள சொல்லிரு தாயி."

ஆகஸ்ட் 14, வியாழன்

காலையில் கடை திறந்து சாமி கும்பிடும் நேரத்தில் கூப்பிடக்கூடாது, மத்தியானம் லாரிக்காரர்களோடு மல்லுக்கட்டுவார் என்று கணக்குப் போட்டு, பதினொரு மணிக்குக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. எழுதி அனுப்பினேன்:

"அண்ணாச்சி வணக்கம். 7-ஆம் தேதி போன் ஆர்டர் வேலைக்கு வந்த விருதுநகர் பிள்ளை. திங்கட்கிழமை எத்தனை மணிக்கு வரணும்? கடையா, குடோனா? ஆமத்தூர் பக்கம் வேன் வருமா? இன்னொரு இடத்துக்குச் சனிக்கிழமைக்குள்ள பதில் சொல்லணும்."

கடைசி வரியை அழித்தேன், மறுபடி சேர்த்தேன். மிரட்டுகிற மாதிரி இருக்குமோ என்று பயம். ஆனால் அது உள்ளது. அது இல்லாவிட்டால் அவருக்கு ஏன் அவசரம்?

நீல டிக் விழுந்துவிட்டது.

ஆகஸ்ட் 15, வெள்ளி

ஆடிக் கடைசி வெள்ளி. சுதந்திர தினமும் சேர்ந்துகொண்டதில் இருக்கன்குடிக்குப் போகிற பஸ்ஸில் கால் வைக்க இடமில்லை. அண்ணாச்சியும் இன்று மாரியம்மன் கோயிலில்தான் இருப்பார். அம்மா எனக்கு நேர்ந்துகொண்டாள். எதற்கு என்று கேட்கவில்லை.

ஆகஸ்ட் 16, சனி

அண்ணாச்சியே கூப்பிட்டார்! "வேன் ஆமத்தூர் வழியா வராது, திருத்தங்கல்ல ஏறிக்கணும்" என்றார். எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது.

"அப்ப திங்கட்கிழமை வரட்டுமா அண்ணாச்சி?"

"போன வருஷப் பிள்ளை ஒண்ணு நாளைக்குச் சொல்றேன்னிருக்கு. மொதலாளிகிட்டயும் ஒரு வார்த்தை கேட்டுக்கிறேன்."

வேன் பேச்சை எடுத்துவிட்டார் என்பதை வைத்துக்கொண்டு சித்தியிடம் போனில் வாதாடினேன். "நீ கேட்ட, அவரு சொன்னாரு" என்றாள். நான் கோபத்தில் போனை வைத்துவிட்டேன்.

அப்புறம் அச்சகத்துக்குப் பேசினேன். திங்கட்கிழமை வருகிறேன், ஆனால் ஒரு வாரத்துக்குத் தினக்கூலியாக வைத்துக்கொள்ளுங்கள், நிலையாக நிற்பதை அடுத்த சனிக்கிழமை சொல்கிறேன் என்றேன். அந்தப் பக்கம் கொஞ்சம் யோசனை. "சரி, ஆனா பாதியில போனா ஒரு நாள் முன்னாடி சொல்லணும்." அதற்கு ஒத்துக்கொண்டேன்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

ராத்திரி ஒன்பதரை. ஆதார், பாஸ்புக் ஜெராக்ஸ் இரண்டு செட் எடுத்துப் பையில் வைத்திருக்கிறேன். அண்ணாச்சிக்கு ஒரு வரி அனுப்பினேன்: காலையில் காலண்டர் வேலைக்குப் போகிறேன், கடையில் இடம் இருந்தால் ஒரு நாள் முன்னால் சொல்லுங்கள், வந்துவிடுகிறேன்.

அந்தப் போன வருஷப் பிள்ளை என்ன சொன்னாளோ.