தம்ப்நெயிலில் 'கைது', வீடியோவில் எஃப்.ஐ.ஆர் மட்டும்

போன வருடம் நாங்கள் ஒரு வீடியோவுக்கு வைத்த தலைப்பைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாகப் பேசிக்கொண்டிருந்தோம். தவறு எங்களுடையது என்பதால் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தோம். இப்போது நிறைய மாணவத் தோழர்கள் போனோடு களத்துக்கு வருகிறார்கள். எடுக்கும் வீடியோக்கள் நன்றாக இருக்கின்றன, ஆனால் தம்ப்நெயிலைப் பார்த்தால் எங்களுக்கு எங்கள் தவறு ஞாபகம் வருகிறது. அதனால் நடந்ததை அப்படியே சொல்லிவிடுகிறோம்.

வட மாவட்டம் ஒன்றில் ஒரு கிராமம். சேரியிலிருந்து சுடுகாட்டுக்குப் போக ஒரே ஒரு வண்டிப்பாதை, அது ஊர்க்காரர்களின் நிலத்தை ஒட்டிப் போகிறது. ஒரு பாட்டி இறந்தபோது சிலர் டிராக்டரைக் குறுக்கே நிறுத்திப் பாதையை மறித்தார்கள். காலை 11 மணிக்கு எடுத்த உடல் மதியம் 3 மணி வரை சாலையிலேயே இருந்தது. தாசில்தாரும் போலீசும் வந்த பிறகுதான் வழி கிடைத்தது. பாட்டியின் மகள் புகார் கொடுத்தார். ஒரு வாரம் அலைந்த பிறகு எஃப்.ஐ.ஆர் போட்டார்கள். நாங்கள் போனபோது அதன் நகல் அவர் கையில் இருந்தது.

பதினொரு நிமிட வீடியோ எடுத்தோம். முதலில் பாதை, பிறகு மகள் அன்று நடந்ததைச் சொல்கிறார், அப்புறம் பக்கத்து வீட்டு அண்ணன் சமாதானக் கூட்டத்தில் என்ன பேசினார்கள் என்று சொல்கிறார், ஒன்பதாவது நிமிடத்தில் எஃப்.ஐ.ஆர் நகலைக் காட்டி எந்தச் சட்டத்தில் வழக்கு என்று விளக்குகிறோம். அவ்வளவுதான். யாரும் கைதாகவில்லை. வீடியோவிலும் கைது என்ற பேச்சு இல்லை.

ஏற்றும்போது இரவு பதினொன்றரை. தம்ப்நெயிலில் சிவப்பு எழுத்தில் 'கைது!' என்று போட்டோம். தலைப்பு: 'பிணத்தைக் கூட விடாத சாதி வெறி! குற்றவாளிகள் அதிரடி கைது!' எஃப்.ஐ.ஆர் போட்டாயிற்று, வன்கொடுமை வழக்கில் முன்ஜாமீனும் கிடையாது, எப்படியும் நாளைக்குள் தூக்கிவிடுவார்கள் என்று எங்களுக்குள் ஒரு கணக்கு. அந்தக் கணக்கைத் தலைப்பில் எழுதிவிட்டோம்.

மறுநாள் காலை முதல் போன் பாட்டியின் மகளிடமிருந்து. "தம்பி, புடிச்சிட்டாங்களாமே, சொந்தக்காரங்க எல்லாம் போன் பண்றாங்க. எனக்கே தெரியலையே?" என்றார். சட்டென்று பதில் சொல்ல முடியவில்லை. அடுத்த வாரம் சமாதானக் கூட்டத்துக்கு எதிர்த்தரப்பு எங்கள் தம்ப்நெயிலைப் பிரிண்ட் எடுத்து வந்தது. "யாரும் கைதாகல சார், இவங்க பொய் சொல்றாங்க. நாலு மணி நேரம் நிறுத்தினோம்ங்கறதும் இதே மாதிரிதான்" என்று அதிகாரியிடம் நீட்டினார்கள். உண்மையான நான்கு மணி நேரத்தைப் பொய்யாக்க எங்கள் ஒரு வார்த்தை போதுமானதாக இருந்தது.

மூன்றாவது போன்தான் எங்களை ரொம்பப் பாதித்தது. வேறு மாவட்டத்துத் தோழர் ஒருவர், அவர்கள் ஊரிலும் சுடுகாட்டுப் பாதைப் பிரச்சினை. எங்கள் தலைப்பை நம்பி ஸ்டேஷனுக்குப் போய், "அங்க கைது பண்ணிட்டாங்க, நீங்க ஏன் பண்ணல?" என்று கேட்டிருக்கிறார். அங்கிருந்த அதிகாரி விசாரித்துப் பார்த்துவிட்டு, "யூடியூப் பாத்துட்டு வந்தியா?" என்று சிரித்திருக்கிறார். அவருடைய மனுவையும் அதே சிரிப்போடுதான் வாங்கி வைத்தார்களாம்.

தலைப்பை அன்றே மாற்றினோம். யூடியூபில் தலைப்பையும் தம்ப்நெயிலையும் எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். ஆனால் வாட்ஸ்அப்பில் போன ஸ்கிரீன்ஷாட்டை மாற்ற முடியாது.

இதில் நாங்கள் முதலில் புரிந்துகொண்டது, நம் வழக்குகளில் வினைச்சொல் சும்மா அலங்காரம் இல்லை என்பது. புகார், எஃப்.ஐ.ஆர், கைது, குற்றப்பத்திரிகை, தண்டனை ஒவ்வொன்றும் தனித்தனிக் கட்டம். ஒன்றிலிருந்து அடுத்ததற்குப் போக நம் மக்கள் எத்தனை நாள் அலைகிறார்கள் என்று உங்களுக்குத் தெரியும். சுடுகாட்டையும் பாதையையும் பயன்படுத்தவிடாமல் தடுப்பது 2015 திருத்தத்துக்குப் பிறகு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3ஆம் பிரிவில் தெளிவாகவே குற்றம். ஆனால் அந்தப் பிரிவில் வழக்கு பதிவானதாலேயே கைது நடந்துவிடாது. நிவாரணத் தொகைகூடப் பல குற்றங்களில் எஃப்.ஐ.ஆர், குற்றப்பத்திரிகை, தண்டனை என்று கட்டம் கட்டமாகத்தான் வருகிறது. தலைப்பில் ஒரு கட்டத்தைத் தாண்டி எழுதினால், பார்ப்பவர் அந்தக் கட்டம் முடிந்துவிட்டது என்று நம்பி அடுத்த வேலையை விட்டுவிடுவார்.

அதன் பிறகு ஒரு பழக்கம் வைத்துக்கொண்டோம். எடிட் முடிந்த பிறகுதான் தலைப்பு எழுதுவோம். எழுதியவர் ஒருவர், கேட்பவர் இன்னொருவர். கேட்பவர் ஒவ்வொரு சொல்லையும் தொட்டு, "இது எத்தனையாவது நிமிஷத்துல வருது?" என்று கேட்பார். நிமிடம் சொல்ல முடியாத சொல் வெளியே போய்விடும். அந்தப் பழைய வீடியோவுக்கே இந்த முறையில் புதுத் தலைப்பு வைத்துப் பார்த்தோம். சுலபமாக வரவில்லை.

முதல் முயற்சி: 'சுடுகாட்டுப் பாதை யாருக்குச் சொந்தம்?' பொய் எதுவும் இல்லை, வெறும் கேள்விதானே என்று நினைத்தோம். கேட்பவர் விடவில்லை. கேள்வி கேட்டால் பதில் உள்ளே இருக்க வேண்டும். பாதை யாருடையது என்று சொல்ல வருவாய்த்துறையின் புலப்படமும் 'அ' பதிவேடும் வேண்டும். நாங்கள் அவற்றைப் பார்க்கவே இல்லை. கேள்விக்குறி போட்டுவிட்டால் பொறுப்பு இல்லை என்பது டிவி விவாதங்கள் நமக்குக் கற்றுக்கொடுத்த கெட்ட பழக்கம். அடித்தோம்.

இரண்டாவது: 'சுடுகாட்டுப் பாதையை மறித்த வழக்கில் இன்னும் யாரும் கைது இல்லை'. இதில் எல்லாமே உண்மை. ஆனால் போனில் போட்டுப் பார்த்தபோது 'சுடுகாட்டுப் பாதையை மறித்த வழக்கில் இன்னும் யாரும் கைது...' என்று வெட்டுப்பட்டு நின்றது. தமிழில் இது பெரிய ஆபத்து. நம் மொழியில் 'இல்லை', 'என்று புகார்', 'கோரிக்கை' எல்லாம் கடைசியில்தான் வரும். போன் திரை வெட்டுவதும் கடைசியைத்தான். 'அதிகாரி லஞ்சம் கேட்டதாகப் புகார்' என்பது 'அதிகாரி லஞ்சம்...' என்று நின்றால் நாம் ஆதாரத்தோடு குற்றம் சாட்டியது போல ஆகிவிடும்.

எழுத்துக் கணக்கும் நமக்குக் குறைவு. யூடியூப் தலைப்புக்கு 100 எழுத்து அனுமதி. ஆனால் அது உயிர்மெய்யை ஒன்றாக எண்ணுவதில்லை, மெய்யையும் குறியையும் தனித்தனியாக எண்ணுகிறது. 'தீண்டாமை' நம் கண்ணுக்கு நான்கு எழுத்து, அங்கே எட்டு. ஆகவே 100 என்பது நமக்கு ஐம்பது அறுபது எழுத்துதான், பட்டியலில் கண்ணில் படுவது அதைவிடக் குறைவு. சொல்ல வேண்டிய நிலையை முதல் மூன்று சொல்லுக்குள் சொல்லிவிட வேண்டும்.

சரி, 'கைது இல்லை' என்பதை முன்னால் கொண்டுவந்தோம்: 'கைது இல்லை: சுடுகாட்டுப் பாதையை மறித்த வழக்கு'. இங்கே வேறு சிக்கல். இரண்டு மாதம் கழித்துக் கைது நடந்தால்? வீடியோ அங்கேயே இருக்கும், தலைப்பு பொய்யாகிவிடும். 'வழக்கு பதிவு' என்பது நடந்து முடிந்த விஷயம், நாளைக்கும் உண்மை. 'இல்லை', 'இன்னும்', 'மட்டும்' எல்லாம் தேதி முடியும் சொற்கள். அவற்றை வீடியோவுக்குள் தேதியோடு போடலாம். அதனால் எஃப்.ஐ.ஆர் காட்டும் இடத்தில், படம் பிடித்த தேதி வரை யாரும் கைதாகவில்லை என்று ஒரு வரி சேர்த்துத் திரும்ப ஏற்றினோம்.

கடைசியில் நின்ற தலைப்பு: 'வழக்கு பதிவு: சுடுகாட்டுப் பாதையை மறித்த 4 மணி நேரம்'. 'வழக்கு பதிவு' ஒன்பதாவது நிமிடத்தில் இருக்கிறது. '4 மணி நேரம்' மகள் சொல்லும் இடத்தில், பாதை முதல் நிமிடத்திலேயே.

தம்ப்நெயிலுக்குத் தலைப்பையே திரும்ப எழுதாமல், 'காலை 11 முதல் மதியம் 3 வரை' என்று மட்டும் போட்டோம். படம் அந்தப் பாதை. முன்பு மகள் அழும் முகத்தை வைத்திருந்தோம். வீடியோவில் அவர் அழுவது ஆறு விநாடிதான், மீதி நேரம் நிமிர்ந்து உட்கார்ந்து தேதியும் நேரமுமாகச் சொல்கிறார். அழுகையை முகப்பில் வைத்தால் நாம் தருவதாகச் சொல்வது அழுகையை. அவரிடம் புது முகப்பைக் காட்டினோம். "எங்கம்மாவப் பிணம்னு போட்டிருந்தீங்களே, அது போயிடுச்சா?" என்று மட்டும் கேட்டார். போய்விட்டது என்றோம்.

இதே பேட்டியிலிருந்து ஐம்பது விநாடி வெட்டி ஷார்ட்ஸும் ரீல்ஸும் போட்டோம். பெரிய வீடியோவின் தலைப்பை அப்படியே ஒட்டத்தான் முதலில் கை போனது. ஆனால் அந்த ஐம்பது விநாடியில் எஃப்.ஐ.ஆர் வரவே இல்லை, மகள் பேசுவது மட்டும்தான். அதனால் 'வழக்கு பதிவு' அங்கே கூடாது. 'உடலோடு 4 மணி நேரம் நின்றோம்' என்று அவர் சொன்னதையே வைத்தோம். ரீல்ஸ் கவரில் எழுத்து நடுவில் இருக்க வேண்டும், புரொஃபைல் பக்கத்தில் மேலும் கீழும் வெட்டிவிடும். யூடியூப் தம்ப்நெயிலில் வலது கீழ் மூலையை விட்டுவிடுங்கள், அங்கே வீடியோவின் நேரம் வந்து உட்காரும். நாங்கள் ஒரு முறை 'புகார்' என்ற சொல்லை அங்கே வைத்து இழந்தோம்.

"இப்படி எழுதினால் யார் பார்ப்பார்கள்?" என்று நீங்கள் கேட்பது புரிகிறது. 'கைது!' தலைப்புக்கு நிறையப் பேர் வந்தது உண்மைதான். யூடியூப் ஸ்டூடியோவில் எத்தனை பேர் எதுவரை பார்த்தார்கள் என்று ஒரு கோடு காட்டும். முதல் நிமிடத்துக்குள் அந்தக் கோடு செங்குத்தாக விழுந்திருந்தது. வந்தவர்கள் கைதைத் தேடினார்கள், காணவில்லை, போய்விட்டார்கள். மகள் பேசுவதைக் கேட்கக்கூட நிற்கவில்லை. புதுத் தலைப்புக்கு வந்தவர்கள் குறைவு, ஆனால் எஃப்.ஐ.ஆர் காட்டும் இடத்தில் கோடு லேசாக மேலே எழுகிறது. அந்த இடத்தைத் தேடிப் போய்ப் பார்க்கிறார்கள், திரும்பவும் பார்க்கிறார்கள் என்று அர்த்தம். தன் ஊரில் புகார் எழுதப் போகிற ஒருவருக்கு வேண்டியதும் அந்த இடம்தான்.

யூடியூபே 2024 டிசம்பரில், உள்ளே இல்லாததைத் தலைப்பிலும் தம்ப்நெயிலிலும் சொல்லும் வீடியோக்கள் மீது, அதுவும் செய்தி தொடர்பானவை மீது, இந்தியாவில் நடவடிக்கை எடுப்போம் என்று அறிவித்தது. அதற்குப் பயந்து இதைச் சொல்லவில்லை. ஆனால் ஒரு வீடியோ நீக்கப்பட்டால் அந்த மகளின் பதிவும் சேர்ந்து போய்விடும் என்பது ஞாபகம் இருக்கட்டும்.

ஒன்று மட்டும் எங்களுக்கு இன்னும் சரியாக வரவில்லை. பாலியல் வன்கொடுமை வழக்குகளில் அடையாளம் தெரியக்கூடாது. பெயரை விட்டுவிடுகிறோம், ஆனால் ஊர்ப் பெயர், பள்ளி, தேதி மூன்றும் தலைப்பில் சேர்ந்தாலே பக்கத்து ஊருக்கு யாரென்று தெரிந்துவிடுகிறது. அங்கே உள்ளே இருப்பதைக்கூட முகப்பில் குறைத்துத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. எதுவரை குறைப்பது என்பதைக் குடும்பத்தோடு உட்கார்ந்துதான் முடிவு செய்கிறோம், ஒவ்வொரு முறையும் புதிதாக.

அந்த வேறு மாவட்டத்துத் தோழரிடம் மன்னிப்புக் கேட்டோம். இந்த முறை வீடியோ லிங்க்கை அனுப்பவில்லை, சட்டப் பிரிவை எழுதி அனுப்பினோம். மனுவை அவர் திரும்பக் கொடுத்திருக்கிறார். எஃப்.ஐ.ஆர் இன்னும் ஆகவில்லை.

ஜெய் பீம்.