வினைச்சொல்லுக்கு வட்டம்

மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் நுழைந்ததும் சுக்கு வாசம் மூக்கைத் தொடும். கிடங்குகளைத் தாண்டி ஒரு சந்து. அதில் மரப்படி ஏறினால் இரண்டு மேசை, ஒரு கம்ப்யூட்டர், மூலையில் உறை போட்டு வைத்த டைப்ரைட்டர். வாசலில் மலையாளத்தில் ‘ஆதாரம் எழுத்து’ என்று பலகை. தமிழில் படித்தால் ஏதோ சாட்சியம் தயாரிக்கும் இடம் போலத் தோன்றும். இங்கே ஆதாரம் என்றால் சொத்துப் பத்திரம்.

மேசைக்குப் பின்னால் இருந்தவர் நான்கு தலைமுறைக்கு முன் இங்கே வந்து தங்கிவிட்ட தமிழ்க் குடும்பத்துக்காரர். எழுபதை நெருங்குகிறவர். தெருவே அவரை அண்ணாச்சி என்கிறது, நானும் அப்படியே கூப்பிட்டேன். அவருடைய தொழிலைப் பார்க்கத்தான் போனேன். வெறுங்கையோடு போக வேண்டாமே என்று பெரியம்மாவுக்காக நான் எழுதிய கடிதத்தையும் எடுத்துப் போயிருந்தேன்.

பெரியம்மா இப்போது கோவையில் மகளோடு இருக்கிறார். மட்டாஞ்சேரியில் அவருக்கு ஒரு வீடும் அதன் முன்பக்கத்தில் ஒரு கடையும் உண்டு. கடையில் இருந்தவர் மாதம் 8,000 ரூபாய் வாடகையில் 11 மாதம் பாக்கி வைத்துவிட்டுக் காலி செய்து போய்விட்டார். வரி கட்ட, சான்றிதழ் வாங்க, வாடகைப் பாக்கிக்கு வழக்குப் போட, இங்கேயே இருக்கும் கொழுந்தன் மகனுக்கு அதிகாரம் கொடுக்க வேண்டும். நான் எழுதியது இவ்வளவுதான்: “வரி கட்டுவது உள்ளிட்ட அலுவலக, கோர்ட் வேலைகள் அனைத்தையும் எனக்காகச் செய்ய முழு அதிகாரம் அளிக்கிறேன். அவர் செய்வதெல்லாம் நான் செய்ததாகவே ஏற்கிறேன். இது மாற்ற முடியாதது. என் காலத்துக்குப் பிறகும் செல்லும். அவகாசம் ஆறு மாதம்.”

எழுத்துப்பிழை ஒன்றும் இல்லை என்ற தைரியத்தில் நீட்டினேன். அண்ணாச்சி உடனே படிக்கவில்லை. தாளைத் திருப்பி, கடைசி வரியிலிருந்து மேலே போனார். “மேலேருந்து படிச்சா அர்த்தம் நம்மள இழுத்துட்டுப் போயிரும் தம்பி. கீழேருந்து வந்தாத்தான் இல்லாதது தெரியும்” என்றார். இல்லாதவை தெரிந்தன. தேதி இல்லை, எந்த அலுவலகத்துக்கு என்று இல்லை, கொழுந்தன் மகனுடைய மாதிரிக் கையெழுத்து இல்லை. அந்தக் கையெழுத்தும், அதைப் பெரியம்மா உறுதி செய்யும் ஒப்பும் இல்லாவிட்டால், கவுண்டரில் நிற்பவர்தான் கடிதத்தில் உள்ளவர் என்று குமாஸ்தா எதை வைத்து நம்புவார்?

இரண்டாவது வாசிப்பு பெயர்களுக்கும் எண்களுக்கும் மட்டும். என் பையிலிருந்து பழைய ஆதாரத்தையும் கர ரசீதையும் வாங்கிக்கொண்டார். கரம் என்றால் வரி. ஒரு கையால் ரசீதைத் தொட்டபடி மறு கையால் கடிதத்தில் விரல் வைத்து, சர்வே எண்ணை ஒவ்வொரு இலக்கமாக உச்சரித்தார். பெரியம்மா பெயர் பத்திரத்தில் கணவர் பெயரோடும், ஆதார் அட்டையில் அப்பா பெயரின் முதலெழுத்தோடும் இருந்தது. “ரெண்டையும் எழுதி, ரெண்டும் ஒரே ஆள்னு ஒரு வரி போடணும். இல்லேன்னா பத்திரத்துல இருக்குற அம்மாவும் கார்டுல இருக்குற அம்மாவும் வேற வேற ஆளாயிருவாங்க.”

மூன்றாவது வாசிப்பைப் பார்க்கத்தான் அங்கே போயிருக்க வேண்டும் என்று பிறகு தோன்றியது. சிவப்புப் பென்சிலால் வினைச்சொற்களுக்கு மட்டும் வட்டம் போட்டார். என் கடிதத்தில் பிரதிநிதி செய்யக்கூடியதாக இரண்டே வட்டம் விழுந்தது: கட்டுவது, செய்ய. “‘செய்ய’ன்னா என்ன செய்ய? மனு கொடுக்கவா, கையெழுத்துப் போடவா, பணம் வாங்கவா, ராஜியாகவா? ஒவ்வொண்ணும் ஒவ்வொரு கவுண்டர்.”

‘முழு அதிகாரம்’ என்பது பலமான சொல் என்றுதான் நினைத்திருந்தேன். தொழிலில் அதற்கு நேர் எதிரான பெயர். அதிகாரப் பத்திரத்தை நீதிமன்றங்கள் இறுக்கிப் படிக்கும். பொதுச் சொற்களை, பத்திரம் எந்தக் காரியத்துக்காக எழுதப்பட்டதோ அதற்குள் அடக்கித்தான் பொருள் கொள்ளும். விற்கும் அதிகாரம் போன்ற பெரிய அதிகாரம் வெளிப்படையாக எழுதப்பட்டிருக்க வேண்டும். ஆகவே நல்லவன் கையில் ‘முழு அதிகாரம்’ கவுண்டரில் செல்லாமல் திரும்பும். கெட்டவன் கையில், விவரம் தெரியாத ஒருவரை ஏமாற்ற அதுவே போதும்.

அடுத்து ‘உள்ளிட்ட’ என்ற சொல்லில் நின்றார். ‘வரி கட்டுவது உள்ளிட்ட வேலைகள்’ என்றால் பட்டியல் திறந்தே கிடக்கிறது. ‘ஆகிய’ என்றால் மூடிவிடும். அலுவலகக் கடிதத்தில் அவர் ‘ஆகிய’வைப் போட்டார்: வில்லேஜ் ஆபீசில் நிலவரி கட்டுதல், கார்ப்பரேஷனில் கட்டிட வரி கட்டுதல், உடைமைச் சான்றிதழுக்கு மனுச் செய்தல், அதைப் பெற்றுக்கொள்ளுதல் ஆகிய நான்கு வேலைகள். முழுக்க மூடினாலும் சிக்கல்தான். மனுவில் குறை இருக்கிறது, விளக்கம் எழுதிக் கொடு என்று குமாஸ்தா கேட்டால்? ஒரு வேலைக்கு அதிகாரம் கொடுத்தால், அதைச் செய்யத் தேவையான சட்டப்படியான காரியங்களும் அதில் அடங்கும் என்று 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம் சொல்கிறது. கவுண்டரில் அந்தச் சட்டத்தை யார் பேசிக்கொண்டிருப்பது? “இவ்வேலைகளுக்குத் தேவையான விளக்கம் அளிப்பதும் ரசீது பெறுவதும் உட்பட” என்று ஒரு வரி சேர்த்தார்.

இதற்குள் கம்ப்யூட்டர் முன் இருந்த பெண் என் கடிதத்தை மலையாளத்தில் அடிக்கத் தொடங்கியிருந்தாள். சட்டென்று நிமிர்ந்து, “ஆறு மாசத்தெ அவகாசமோ?” என்றாள். அண்ணாச்சி சிரித்துவிட்டார். தமிழில் அவகாசம் என்றால் கால இடம். மலையாளக் காதுக்கு அது ‘உரிமை’. ஆறு மாத உரிமை என்று படித்தால், சொத்திலேயே கொழுந்தன் மகனுக்கு ஏதோ பங்கு எழுதிக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். இப்படி இன்னும் சில சொற்களை அவர் தனித்தாளில் எழுதி மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறார். நாம் எல்லா இடத்திலும் சொல்லும் ‘விசாரணை’ மலையாளத்தில் கோர்ட்டில் சாட்சி விசாரிக்கும் கட்டத்தைக் குறிக்கும். வில்லேஜ் ஆபீசில் விவரம் கேட்பதை அங்கே ‘அன்வேஷணம்’ என்பார்கள். இரு மொழிக்கும் நடுவே பத்திரம் படிப்பவருக்கு, தெரியாத சொல்லைவிடத் தெரிந்த சொல்லில்தான் பயம் அதிகம்.

அவகாசம் போய்ச் ‘செல்லுபடிக் காலம்’ வந்தது. ஆனால் ஆறு மாதம் எப்போதிலிருந்து? எழுதிய நாளா, கையெழுத்திட்ட நாளா, ஆபீசில் கொடுத்த நாளா? “மாசத்தை எண்ணாதே, தேதியைப் போடு” என்றார். “1-9-2025 முதல் 28-2-2026 வரை, இரு நாட்களும் உட்பட.” ‘வரை’ என்ற சொல் கடைசி நாளைச் சேர்க்குமா சேர்க்காதா என்ற வழக்கு ‘உட்பட’ என்ற நான்கு எழுத்தில் முடிந்துபோகிறது.

கோர்ட் வேலையை அந்தக் கடிதத்திலிருந்தே எடுத்துவிட்டார். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் மூன்றாம் ஆணைப்படி, கட்சிக்காரருக்காக நீதிமன்றத்தில் செயல்படும் பிரதிநிதியிடம் அதிகாரப் பத்திரம் இருக்க வேண்டும். வெள்ளைத்தாள் கடிதம் அங்கே எடுபடாது. முத்திரைத்தாளில் எழுதும் அதற்கு இங்கே முக்த்யார் என்று பெயர். வக்கீலை நியமிப்பது மூன்றாவது தாள், வக்காலத்து. பெரியம்மா முக்த்யார் கொடுப்பார், அதன் பலத்தில் கொழுந்தன் மகன் வக்காலத்தில் கையெழுத்திடுவான். ஆகவே முக்த்யாரில் ‘வக்கீலை நியமிக்க’ என்ற வினை இருந்தே ஆக வேண்டும்.

இங்கே காலமும் வேறு. வாடகைப் பாக்கிக்கு வழக்குப் போட மூன்று ஆண்டு இருக்கிறது. போட்டபின் எப்போது முடியும் என்று யார் சொல்ல? நடுவில் முக்த்யார் காலாவதியானால் அடுத்த வாய்தாவில் கொழுந்தன் மகன் வெறும் பார்வையாளன். எனவே இதில் தேதியைக் காரியத்தோடு கட்டினார்: “மேற்படி வழக்கும், அதன் மேல்முறையீடும், தீர்ப்பின் நிறைவேற்றமும் முடியும் வரை, அல்லது நான் எழுத்தில் ரத்து செய்யும் வரை, எது முந்தியதோ அது வரை.” ‘நிறைவேற்றம்’ விட்டுப்போனால், தீர்ப்பு கைக்கு வந்தும் பணம் வராது என்றார்.

‘மாற்ற முடியாதது’, ‘என் காலத்துக்குப் பிறகும்’ இரண்டையும் ஒரே கோட்டில் அடித்தார். எழுதிக் கொடுத்தவர் இறந்தால் சாதாரண அதிகாரம் அத்தோடு முடிந்தது. பிரதிநிதிக்கே அந்தச் சொத்தில் சொந்த உரிமை இருந்தால்தான் விலக்கு. கொழுந்தன் மகனுக்கு அப்படி எதுவும் இல்லை. ‘அவர் செய்வதெல்லாம் ஏற்கிறேன்’ என்பதற்கு முன்னால் ‘இப்பத்திரத்தில் கண்ட அதிகாரத்துக்கு உட்பட்டு’ என்று சேர்ந்தது. ராஜி பேசலாம், 70,000 ரூபாய்க்குக் குறைந்தால் பெரியம்மாவின் எழுத்துச் சம்மதம் வேண்டும். பணம் அவர் பெயரில் செக்காக மட்டும்.

‘எனக்குப் பதிலாகச் சாட்சி சொல்ல’ என்று சேர்க்கலாமா என்று கேட்டேன். பென்சிலைக் கீழே வைத்தார். ஜான்கி வாஷ்தேவ் போஜ்வானி வழக்கில் 2004 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னதை அவர் தன் பாஷையில் சொன்னார்: “கையைக் கடன் கொடுக்கலாம், ஞாபகத்தைக் கொடுக்க முடியாது.” பிரதிநிதி தான் செய்ததற்கும் தான் அறிந்ததற்கும் சாட்சி சொல்லலாம். பெரியம்மாவுக்கு மட்டுமே தெரிந்ததை அவருக்குப் பதிலாகச் சொல்ல முடியாது. வாடகை பேசியதும் வாங்கியதும் பெரியம்மா. எவ்வளவு நன்றாகப் பத்திரம் எழுதினாலும் ஒரு நாள் அவர் கோர்ட்டுக்கு வர வேண்டியிருக்கும்.

மறுநாள் பெரியம்மா வந்தார், ஒரு கல்யாணத்துக்காகக் கொச்சியில்தான் இருந்தார். நோட்டரியிடம் போவதற்கு முன் அண்ணாச்சி மலையாளப் பத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு, வரிவரியாகத் தமிழில் சொன்னார். ‘படித்துக் காட்டப்பட்டுப் புரிந்துகொண்டு’ என்று கீழே ஒரு வரி இருக்கிறதே, அது உண்மையாக இருக்க வேண்டும் அல்லவா? பெரியம்மா கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். ‘கடை வாடகையை வசூலிக்க’ என்ற இடத்தில் கண்ணைத் திறந்தார்.

“பழைய பாக்கியா, இனிமே வர்ற வாடகையா?”

அறையில் சத்தமில்லை. மூன்று வாசிப்பும் அந்த வரியைத் தாண்டிப் போயிருந்தன. வினைச்சொல்லுக்கு வட்டம் போட்டவர் அதன் காலத்தைப் பார்க்கவில்லை. அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். “2024 ஜூன் முதல் 2025 ஏப்ரல் வரையுள்ள 11 மாத வாடகைப் பாக்கியை மட்டும்” என்று சொல்லி அந்தப் பெண்ணைத் திருத்தச் சொன்னார். அதன் கீழே புது வரி ஒன்றும் வந்தது: விற்க, அடமானம் வைக்க, புதிதாக வாடகைக்கு விட இதில் அதிகாரம் இல்லை.

புதிய தாள் வந்ததும் கடைசி வரிக்கும் கையெழுத்து இடத்துக்கும் நடுவே இருந்த வெற்றிடத்தில் ஸ்கேல் வைத்துக் குறுக்குக் கோடு இழுத்தார், பின்னால் யாரும் ஒரு வரி செருகிவிடக் கூடாது. பிறகு தாளைப் பெரியம்மா பக்கம் திருப்பி வைத்து, “இன்னொரு தடவை சொல்லட்டுமாம்மா?” என்றார். பெரியம்மா, “சொல்லுங்க” என்றார்.