எனக்குப் பேர் இருக்கு

எங்கள் காலனி மாலை வகுப்புக்கு வரும் ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருநாள் வாயே திறக்கவில்லை. கபடி ஆடும்போது ஒருவன் சாதிப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறான். இவன் பதிலுக்குக் கெட்ட வார்த்தை சொல்லியிருக்கிறான். ஆசிரியர் காதில் விழுந்தது இவன் சொன்னது மட்டும்தான், அடியும் இவனுக்குத்தான்.

அதன் பிறகு பிள்ளைகளோடு உட்கார்ந்து இரண்டு வாக்கியங்களைப் பழகினோம். "எனக்குப் பேர் இருக்கு, அதைச் சொல்லிக் கூப்பிடு." "அப்படிச் சொல்றது தப்பு, நிறுத்து." முகத்தைப் பார்த்து, ஒரே ஒருமுறை. பதிலுக்குத் திட்டாததால் பழி நம் பிள்ளைமேல் திரும்பாது.

சொன்ன பிறகும் தொடர்ந்தாலோ, கூட்டமாகச் சூழ்ந்தாலோ, கையைப் பிடித்தாலோ, சொல்பவர் பெரியவராக இருந்தாலோ பேச்சே வேண்டாம். பெரியவர்கள் இருக்கும் பக்கம் நடந்துவிட வேண்டும். அது தோற்பது அல்ல என்பதை நாங்கள் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது.

"திட்டினான்" என்று மட்டும் சொன்னால், "விளையாட்டுக்குச் சொல்லியிருப்பான்" என்று முடித்துவிடுவார்கள். அதனால் யார், எங்கே, என்ன வார்த்தை, யார் கேட்டார்கள் என்ற நான்கையும் சொல்லப் பழக்கினோம். அன்றைக்கே தேதி போட்டு நோட்டில் எழுதுகிறோம்.

சொன்னவர் ஆசிரியரே என்றால் வீட்டில் சொல்லலாம், எங்களிடம் சொல்லலாம், 1098க்கு அழைக்கலாம். பட்டியல் சாதியையோ பட்டியல் பழங்குடியையோ சேராத ஒரு பெரியவர் பலர் அறியச் சாதிப் பேர் சொல்லித் திட்டுவது 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். அப்போது அந்த நோட்டு கைகொடுக்கும்.

போன வாரம் அதே பையன் வந்து நான்கையும் வரிசையாகச் சொன்னான். இந்தமுறை நாங்கள்தான் பள்ளிக்குப் போனோம்.